ஓம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: ராமேஸ்வரத்திலும் திருப்புல்லாணியிலும் காதில் விழுந்தவை

ராமநாதபுரம் கடற்கரைக் கோயில்களுக்கு வருகிறவர்களும், இந்தப் பக்கத்து ஆட்களும் கேட்கிற கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஓம் என்றால் என்ன அர்த்தம்? சுத்தி வளைக்காமல் சொல்லுங்க.

"ஆம்", "அப்படியே ஆகட்டும்", "தொடங்கலாம்". பழைய நூல்களில் மக்கள் பேசிக்கொள்ளும் இடங்களில் ஓம் இந்தப் பொருளில்தான் வருகிறது. பரம்பொருளின் பெயர், உலகமெல்லாம் அடங்கிய எழுத்து என்ற பொருள்களும் அதே உபநிடதங்களில் இருக்கின்றன. ஆனால் மந்திரத்துக்கு முன்னால் ஓம் ஏன் வருகிறது என்று தெரிய வேண்டுமானால், "ஆம்" என்ற பொருளில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

வெறும் "ஆம்" தானா? பிரபஞ்சத்தின் முதல் ஒலி என்றுதானே சொல்லிக் கேட்டிருக்கோம்?

அப்படியும் சொல்வார்கள், அதற்கும் வருவோம். முதலில் பிருகதாரண்யக உபநிடதத்தில் ஓர் உரையாடலைப் பாருங்கள். ஜனகரின் சபையில் சாகல்யர் யாக்ஞவல்கியரைக் கேட்கிறார்: "தேவர்கள் எத்தனை பேர்?" அவர் ஒரு பழைய வாசகத்தை எடுத்துச் சொல்லி, 303, அப்புறம் 3003 என்கிறார். சாகல்யர் "ஓம்" என்கிறார். சொல்லிவிட்டு, "உண்மையில் எத்தனை பேர், யாக்ஞவல்கியரே?" என்று மறுபடி கேட்கிறார். 33 என்று பதில் வருகிறது. "ஓம். உண்மையில் எத்தனை பேர்?" 6. "ஓம்." இப்படியே 3, 2, ஒன்றரை, கடைசியில் 1 என்று இறங்கி வருகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் சாகல்யர் சொல்வது ஒரே சொல்தான்: ஓம்.

அந்த இடத்தில் யாரும் கண்ணை மூடித் தியானம் செய்யவில்லை. சூடான விவாதம் நடக்கிறது. "சரி, அதை ஒத்துக்கொள்கிறேன், மேலே சொல்" என்று எதிராளி தலையாட்டுகிறார், அவ்வளவுதான். நம் ஊரில் கதை கேட்கிறவர் "ம்" கொட்டுவாரே, அதே வேலைதான்.

சாந்தோக்கிய உபநிடதம் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. உத்கீதம் என்ற சாமவேதப் பாடல் பகுதியாக ஓங்காரத்தை உபாசிக்கச் சொல்லித்தான் அந்த நூலே ஆரம்பிக்கிறது. அதே முதல் பகுதியில், "இது சம்மதம் தெரிவிக்கும் எழுத்து. ஒருவர் எதற்காவது சம்மதிக்கும்போது ஓம் என்றுதான் சொல்கிறார்" என்ற கருத்து வருகிறது. உடனே, சம்மதம் என்பதே செழிப்பு என்றும் சேர்க்கிறது. ஒருவர் மனமார "ஆகட்டும்" என்றால்தான் ஒரு காரியம் நடக்கும் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். பெரிய தத்துவமும் சாதாரண "ஆமாம்" என்பதும் ஒரே பக்கத்தில் அருகருகே உட்கார்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, "ஆம்" என்கிற சொல் எப்படி எல்லா மந்திரத்துக்கும் முன்னால் போய் உட்கார்ந்தது?

வேள்வி பல பேர் சேர்ந்து செய்யும் வேலை. ஒருவர் ஆகுதி இடுவார், ஒருவர் ருக் ஓதுவார், ஒருவர் சாமம் பாடுவார், ஒருவர் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பார். யார் எப்போது ஆரம்பிப்பது என்பதற்கு ஒரு குறிப்பொலி வேண்டும். தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில் எட்டாவது பகுதி அதைத்தான் அடுக்குகிறது. ஓம் என்று சொல்லிச் சாமம் பாடுகிறார்கள். ஆகுதி இடும் அத்வர்யு ஓம் என்று எதிர்க்குரல் கொடுக்கிறார். மேற்பார்வையிடும் பிரம்மா ஓம் என்று அனுமதிக்கிறார். அக்னிஹோத்திரத்துக்கு ஓம் என்று சம்மதம் தரப்படுகிறது. வேதம் ஓதப்போகிறவரும் ஓம் என்றே தொடங்குகிறார். எல்லா இடத்திலும் வேலை ஒன்றுதான்: "சரி, ஆரம்பி."

அனுமதியாக இருந்தது தொடக்கமாக மாறியது இப்படித்தான். ஆபஸ்தம்ப தர்மசூத்திரம் இன்னொரு காரணமும் தருகிறது. ஓங்காரம் சொர்க்கத்தின் வாசல், அதனால் வேதம் ஓதத் தொடங்குகிறவர் அதைச் சொல்லித் தொடங்கட்டும் என்கிறது. ஓதும்போது நடுவில் வேறு பேச்சுப் பேசிவிட்டால், மறுபடி ஓம் சொல்லித்தான் தொடர வேண்டும். அப்போதுதான் வேதம் உலகப் பேச்சிலிருந்து பிரிந்து நிற்கும் என்கிறது. எழுதி வைக்காமல் வாயாலேயே சொல்லிக்கொடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் "தண்ணி கொண்டு வா" என்று சொன்னதும் மாணவன் அதையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடக் கூடாது அல்லவா? எது பேச்சு, எது பாடம் என்று ஓம்தான் பிரித்துக் காட்டியது.

மனுஸ்மிருதி முடிவிலும் ஓம் கேட்கிறது. முன்னால் சொல்லாவிட்டால் ஓதியது வழிந்து போய்விடும், பின்னால் சொல்லாவிட்டால் சிதறிவிடும் என்கிறது. கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில், வேள்வி, தானம், தவம் எல்லாமே ஓம் சொல்லித்தான் தொடங்கப்படுகின்றன என்று கண்ணன் சொல்வதும் இந்த வழக்கத்தையே.

ஒன்றைக் கவனியுங்கள். ருக் வேதப் பாடல்களின் வாசகத்துக்குள் ஓம் இல்லை. ஓதுகிறவர் முன்னால் சேர்த்துக்கொள்வதுதான். காயத்ரி மந்திரமே அதற்கு உதாரணம். ருக் வேதத்தில் அது "தத் ஸவிதுர் வரேண்யம்" என்றுதான் தொடங்கும். "ஓம் பூர்புவஸ்ஸுவ:" ஜபிப்பதற்காக முன்னால் வைத்தது.

கேணிக்கரையில் வீடு கட்டிக் குடிபோனோம். புண்யாகவாசனத்தில் சாஸ்திரிகள் ஏதோ கேட்க, கூட வந்தவங்க "ஓம் புண்யாஹம்"னு சொன்னாங்க. அது என்ன?

ஓம் "ஆம்" என்ற பொருளில் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் அதுதான். உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரிசியோ நெல்லோ பரப்பி, அதன்மேல் தண்ணீர்க் கும்பம் வைத்து, மாவிலையும் தேங்காயும் வைத்து, அதில் வருணனை எழுந்தருளச் செய்வார்கள். பிறகு, சுற்றியிருக்கும் பெரியவர்களைப் பார்த்து நடத்துகிறவர் கேட்பார்: "புண்யாஹம் பவந்தோ ப்ருவந்து." இது நல்ல நாள் என்று நீங்கள் எல்லோரும் சொல்லுங்கள் என்று பொருள். அவர்கள் பதில் சொல்வார்கள்: "ஓம் புண்யாஹம்." ஆம், நல்ல நாள்தான். அடுத்து "ஸ்வஸ்தி" சொல்லுங்கள் என்று கேட்பார். "ஓம் ஸ்வஸ்தி" என்று பதில் வரும், ஆம், நலமுண்டாகட்டும் என்று. பின்பு "ருத்தி", அதாவது செழிப்பு. வழக்கமாக ஒவ்வொன்றையும் மும்மூன்று முறை கேட்டுச் சொல்வார்கள். அதன் பிறகு மந்திரம் ஓதி, கும்பத்துத் தண்ணீரை மாவிலையால் வீடெங்கும் தெளிப்பார்கள்.

இந்த மூன்று சொற்களையும் ஆபஸ்தம்பர் தம் சூத்திரத்தில் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். வேதம் ஓதுவதில் மட்டுமல்ல, உலக வாழ்க்கையின் மங்கலக் காரியங்களிலும் "புண்யாஹம், ஸ்வஸ்தி, ருத்தி" போன்ற வாக்கியங்கள் ஓம் என்றே தொடங்கட்டும் என்கிறார். அவர் எழுதி வைத்ததைத்தான் கேணிக்கரையில் உங்கள் சொந்தக்காரர்கள் சொன்னார்கள்.

இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. ஒரே ஒருவர் வந்து, அவசரத்தில் கேள்வியையும் அவரே கேட்டு, பதிலையும் அவரே சொல்லிவிடுவார். அல்லது வீட்டுக்காரரையும் கூட்டத்தையும் "நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க" என்று சொல்லிவிட, எல்லோரும் கேள்வியையே திருப்பிச் சொல்வார்கள், பதில் சொல்ல ஆளிருக்காது. "ப்ருவந்து" என்று முடியும் வாக்கியம் கேள்வி, "ஓம்" என்று தொடங்கும் வாக்கியம் பதில். இது தெரிந்தால் போதும், உங்கள் வீட்டில் சரியாக நடந்ததா என்று நீங்களே சொல்லிவிடலாம். இரண்டு பேர் கூட இருந்து பதில் சொன்னால்கூடப் போதும். அந்தச் சடங்குக்கு வேண்டியது கூடியிருப்பவர்களின் சம்மதம்தான்.

அக்னி தீர்த்தத்தில் திதி கொடுக்கும்போது மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மந்திரம் சொல்லச் சொன்னாங்க. ஓம் ஓம்னு திரும்பத் திரும்ப வந்துச்சு. ஏன் அத்தனை தடவை?

அது பிராணாயாம மந்திரம். எண்ணிப் பார்த்தால் சரியாக 10 ஓம் வரும். பூ:, புவ:, ஸுவ:, மஹ:, ஜன:, தப:, ஸத்யம் என்று ஏழு உலகங்களுக்கு முன்னால் ஏழு. காயத்ரிக்கு முன்னால் ஒன்று, எட்டு. "ஓமாப: ஜ்யோதீ ரஸ:" என்று வரும் பகுதியின் தொடக்கத்தில் ஒன்று, ஒன்பது. கடைசியில் "பூர்புவஸ்ஸுவரோம்" என்று முடிகிறதே, அந்த "ரோம்"-க்குள் ஒளிந்திருப்பது பத்தாவது. இந்தக் கடைசி ஒன்றைப் பலரும் கவனிப்பதே இல்லை. ஏழு உலகத்தையும் சூரியனையும் தண்ணீரையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வாசல் திறப்பதுபோல் அமைத்திருக்கிறார்கள்.

சிறு புத்தகங்களில் இதே மந்திரத்தில் "ஓகும் ஸுவ:", "ஓகும் ஸத்யம்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அச்சுப்பிழை என்று நினைக்கிறவர்கள் உண்டு. பிழையில்லை. கிருஷ்ண யஜுர்வேதம் ஓதுகிறவர்கள் ஸகரம் போன்ற சில எழுத்துகளுக்கு முன்னால் வரும் மகர ஒலியை மூக்கோசையோடு "கும்" என்று சொல்வார்கள். அதைத் தமிழ் எழுத்தில் காட்டியிருக்கிறார்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேரை ஒன்றாக உட்காரவைத்துச் செய்யும்போது இந்தப் பகுதியைப் பெரும்பாலும் சுருக்கிவிடுவார்கள், சில சமயம் விட்டே விடுவார்கள். முழுதாக வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாதாரண நாளில் வந்தால் இன்னும் நல்லது.

அ, உ, ம் என்று பிரிச்சுச் சொல்றாங்களே, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு விளக்கம் தர்றாங்க. எது சரி?

எல்லாமே அவரவர் மரபில் சரி. ஆனால் கலந்து சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது.

பழையது மாண்டூக்கிய உபநிடதத்தின் விளக்கம். மொத்தமே 12 மந்திரம் கொண்ட சின்ன நூல், முழுக்க ஓம் பற்றியே பேசுவது. அகரம் விழிப்பு நிலை, உகரம் கனவு நிலை, மகரம் ஆழ்ந்த உறக்கம். நாலாவதாக ஒன்று உண்டு, அதற்கு எழுத்தே கிடையாது. மூன்று நிலைகளையும் அறிகிற அது, ஓம் என்று சொல்லி முடித்தபின் வரும் பேச்சற்ற இடத்தோடு வைத்துப் பேசப்படுகிறது. இங்கே ஓம் ஒரு மனிதனின் ஒரு முழு நாளைக்குள் இருக்கிறது. பிரபஞ்சத்தின் முதல் ஒலி என்று வானத்தைக் காட்டுவதைவிட இது எனக்கு நெருக்கமாகப் படும்.

திருப்புல்லாணியில் ஒரு வைணவரைக் கேட்டால் வேறு விளக்கம் கிடைக்கும். அகரம் திருமால். மகரம் ஜீவன், நீங்களும் நானும். நடுவில் நிற்கும் உகரம் "அவனுக்கே" என்று அழுத்தம் கொடுக்கிறது. வேறு ஒருவருக்கும் இல்லை, அவனுக்கே இந்த உயிர் உரியது என்று ஒரே எழுத்தில் சொல்லிவிட்டதாகக் கொள்வார்கள். மகரம் ஏன் ஜீவன் என்றால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. வடமொழி மெய்யெழுத்து வரிசையில் ககரம் முதல் எண்ணினால் மகரம் 25-ஆவது. தத்துவங்களில் இயற்கையைச் சேர்ந்தவை 24, உயிர் 25-ஆவது.

சைவ சித்தாந்தத்தில் மூன்று போதாது, ஐந்து வேண்டும்: அகரம், உகரம், மகரம், விந்து, நாதம். மெய்கண்டார் சிவஞானபோதத்தில் இந்த ஐந்தையும் மனத்தின் கருவிகளோடு பொருத்துகிறார். அகரம் அகங்காரம், உகரம் புத்தி, மகரம் மனம், விந்து சித்தம், இவற்றுக்கெல்லாம் உள்ளே நாதம். அப்படி எழும் அறிவு கடலில் எழும் அலை போன்றது என்கிறார். பாம்பன் பாலத்தில் நின்று ஒரு பக்கம் பாக் நீரிணையையும் மறுபக்கம் மன்னார் வளைகுடாவையும் பார்த்தவர்களுக்கு இதற்கு உரையே வேண்டாம். ஒரு பக்கம் அலை அடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் ஏரிபோல் கிடக்கிற நாள்கள் உண்டு.

பிரம்மா, விஷ்ணு, ருத்திரன் என்ற மூவர் விளக்கமும் புராணங்களில் பரவலாக உண்டு. அதிகம் கேட்கக் கிடைப்பது அதுதான்.

கோயில்ல ஓதுவார் தேவாரம் பாடும்போது ஓம்னு ஆரம்பிக்கலையே? மறந்துட்டாரா?

மறக்கவில்லை. திருமுறைக்கு வேறு வாசல். ஓதுவார் தொடங்கும்போது "திருச்சிற்றம்பலம்" என்பார், முடிக்கும்போதும் "திருச்சிற்றம்பலம்" என்பார். மனு ஓங்காரத்துக்குச் சொன்ன முன்னும் பின்னும் என்ற விதியை இங்கே தில்லைச் சிற்றம்பலத்தின் பெயர் செய்கிறது. சம்பந்தரும் அப்பரும் ராமேஸ்வரத்தைப் பாடிய பதிகங்களை ராமநாதர் சன்னதியில் கேட்டால் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் கேட்பீர்கள்.

வைணவத்தில் அந்த இடத்தில் பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டு. வேதத்துக்கு ஓம் எப்படியோ, ஆழ்வார்கள் பாடியவற்றுக்கெல்லாம் பல்லாண்டு அப்படி என்று மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் நேராகவே எழுதிவிட்டார். திருப்புல்லாணி ஆதிஜகந்நாதப் பெருமாள் கோயிலில் பிரபந்த கோஷ்டி "பல்லாண்டு பல்லாண்டு" என்று எடுப்பதற்கு அதுதான் காரணம்.

மாணிக்கவாசகரின் சிவபுராணமும் "நமச்சிவாய வாழ்க" என்றே தொடங்குகிறது. ஓங்காரம் முகப்பில் இல்லை, உள்ளே இருக்கிறது: "உய்யஎன் உள்ளத்துள் ஓங்கார மாய்நின்ற மெய்யா" என்று. உத்தரகோசமங்கை இறைவனை உருகி அழைத்தவருக்கு ஓம் என்பது தொடக்க ஒலியாக இல்லாமல், உள்ளத்துக்குள் நிற்கும் ஆளாகவே இருந்திருக்கிறது.

இந்த மண்ணிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. பாம்பன் சுவாமிகள் 1891-இல் செய்த சண்முக கவசம் 30 பாட்டு. உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18 என்று தமிழ் எழுத்து வரிசையில் ஒவ்வொரு பாட்டும் தொடங்கும். அதனால் முதல் பாட்டு அகரத்தில்தான் ஆரம்பம். பாராயணம் செய்கிறவர்கள் முன்னால் ஓம் சேர்த்துக்கொண்டால் அது அவர்கள் வழக்கம், பாட்டைச் சேர்ந்ததில்லை.

எவ்வளவு நேரம் இழுக்கணும்? "ஆ... ஊ... ம்"னு யோகா கிளாஸ்ல சொல்லித் தந்தாங்க.

ஆ, ஊ என்று துண்டு துண்டாகச் சொன்னால் அது ஓம் இல்லை. அகரமும் உகரமும் சேர்ந்தால் ஓகாரம் என்பது வடமொழிப் புணர்ச்சி விதி. சேர்ந்த பிறகு வாயில் வருவது ஓகாரம் ஒன்றுதான். பிரித்துப் பார்ப்பது பொருள் சொல்வதற்காக, உச்சரிப்பதற்காக அல்ல. பயிற்சிக்காக அப்படிச் சொல்லித் தருவதில் தப்பில்லை, அதையே மந்திரத்தின் முன்னால் போட்டால்தான் இடிக்கும்.

நீளத்துக்குக் கணக்கு உண்டு. பாணினி, ஓதத் தொடங்கும்போது வரும் ஓம் என்பதன் உயிரெழுத்து "ப்லுதம்" என்கிறார், அதாவது மூன்று மாத்திரை. நாகரி எழுத்தில் சிலர் ஓவுக்குப் பின் 3 என்ற எண்ணைப் போட்டு எழுதுவது இதற்காகத்தான். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது இன்னும் எளிது. நெடில் இரண்டு மாத்திரை, அளபெடுத்தால் மூன்று. அதனால் "ஓஒம்" என்று அளபெடையாக நினைத்துக்கொள்ளுங்கள், மகரத்துக்கு அரை மாத்திரை கூட. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். ஆக மந்திரத்துக்கு முன்னால் வரும் ஓம் அப்படியொன்றும் நீளமில்லை. மூச்சு முழுதும் தீரும்வரை இழுப்பது தனியாக உட்கார்ந்து தியானம் செய்யும்போது செய்வது. 108 போற்றி சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் அப்படி இழுத்தால் இருபதாவது பெயரிலேயே தொண்டை கட்டிக்கொள்ளும்.

தனியாகச் சொல்லும்போது இரண்டு தப்பு சகஜம். ஒன்று, ஓகாரத்திலேயே மூச்சையெல்லாம் செலவழித்துவிட்டு மகரத்தை வெட்டிவிடுவது. மூக்குத் தண்டின்மேல் விரலை வைத்துப் பாருங்கள், அதிர்வு தட்டுப்படவில்லை என்றால் இதுதான் நடக்கிறது. இன்னொன்று, உதட்டைத் திறந்து முடிப்பதால் "ஓமு" என்று உகரம் ஒட்டிக்கொள்வது. ஒலி நின்ற பிறகும் உதடு மூடியே இருக்கட்டும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள், மூச்சை வேண்டாத அளவுக்கு அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

ராமேஸ்வரத்தில் சங்கு வாங்கினேன். காதில் வச்சா ஓம்னு கேக்குதுன்னு கடைக்காரர் சொன்னார், கேக்கத்தான் செய்யுது. அப்புறம் சூரியனே ஓம்னு சொல்லுதுன்னு வாட்ஸ்அப்பில் வந்துச்சே?

சங்குக்குள் கேட்பது சுற்றியிருக்கும் சத்தம்தான். கடைத்தெரு இரைச்சல், காற்று எல்லாம் சங்கின் குழிக்குள் போய், அதன் அளவுக்குப் பொருந்தும் ஒலி மட்டும் பெருகி வருகிறது. சோதித்துப் பார்ப்பது சுலபம். ராத்திரி சத்தமில்லாத அறையில் வைத்துக் கேளுங்கள், தேய்ந்துவிடும். காலி டம்ளரைக் காதில் வைத்தாலும் அதே இரைச்சல் வரும். பெரிய சங்கில் ஒலி கனமாக இருப்பதால் ஓம் என்று நினைக்கத் தோன்றும். சங்கை நல்லபடி வாங்கியிருந்தால் பூஜையில் வையுங்கள், அதற்குக் காரணம் காதில் கேட்கும் ஒலியாக இருக்க வேண்டியதில்லை.

சூரியன் கதை வேறு. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5 நிமிடத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் மேலும் கீழும் அதிர்கிறது. அவ்வளவு மெதுவான அதிர்வு மனிதக் காதுக்கு எட்டாது. நடுவில் காற்றில்லாத வெளி, ஒலி இங்கே வரவும் வழியில்லை. விஞ்ஞானிகள் அந்த அளவுகளைப் பல ஆயிரம் மடங்கு வேகப்படுத்தி ஒலியாக மாற்றியபோது வெறும் உறுமல்தான் வந்தது. அதன்மேல் யாரோ மனிதக் குரலில் ஓம் சேர்த்துச் சுற்றுக்கு விட்டது நீங்கள் பார்த்த வீடியோ. உபநிடதத்துக்கு இந்தச் சாட்சி தேவைப்படவில்லை.

தங்கச்சிமடத்துல சர்ச்சில் "ஆமென்", கீழக்கரைப் பள்ளிவாசல்ல "ஆமீன்". ஓமும் அதுவும் ஒண்ணுதானா?

பிறப்பில் உறவில்லை. ஆமென் எபிரேயச் சொல், உறுதி என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஆமீன் அதன் அரபு வடிவம். ஓம் என்பதற்கும் அவற்றுக்கும் ஒரே மூலம் என்று காட்ட ஆதாரம் கிடையாது. ஆனால் வேலை பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒருவர் வேண்டுகிறார், கூடியிருக்கிறவர்கள் "அப்படியே ஆகட்டும்" என்கிறார்கள். உங்கள் புண்யாகவாசனத்தில் நடந்ததும் அதுதானே? வித்தியாசம், ஆமென் வேண்டுதலுக்குப் பின்னால் வருகிறது, ஓம் முன்னால் வந்து நிற்கிறது.

பெண்கள் சொல்லலாமா? எங்க ஆச்சி கூடாதுன்னு சொல்வாங்க.

ஆச்சி சொன்னதற்குப் பின்னால் மரபு இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வேத மந்திரங்களோடு சேர்த்து ஓங்காரத்தையும் உபநயனம் ஆனவர்களுக்கு மட்டும் என்று வைத்த நூல்கள் உண்டு. அதே நேரம் அதை உடைத்த கதையும் நம் பக்கத்திலேயே உண்டு. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து, எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைப் பெற்ற ராமானுசர், அதைக் கோயிலில் உயரத்தில் நின்று எல்லோருக்கும் சொன்னார் என்று வைணவ வரலாறு சொல்கிறது. "ஓம் நமோ நாராயணாய" என்ற அந்த எட்டில் முதல் எழுத்தே ஓம்தான். திருக்கோஷ்டியூர் இன்று சிவகங்கை மாவட்டம், 1985-க்கு முன் நம் பழைய ராமநாதபுரம் மாவட்டம்.

இப்போது கோயில்களில் "ஓம் சக்தி" என்று பெண்கள் ஊர்வலமே போகிறார்கள். விளக்கு பூஜையில் 108 போற்றியும் ஓம் சொல்லியே நடக்கிறது. குரு தந்த மந்திரம் இருந்தால் அவர் சொன்னபடி சொல்லுங்கள், மற்றபடி சொல்லலாம் என்பதே என் கருத்து. ஆச்சி எதிரில் வேண்டுமானால் "நமசிவாய" என்று சொல்லிக்கொள்ளுங்கள், அதற்கு ஓம் இல்லாமலே நிற்கும் தெம்பு உண்டு.

பத்திரிகை, மளிகை லிஸ்ட் எல்லாத்துக்கும் மேல "உ" போடுறோமே, அது ஓமா?

ஓங்காரத்தின் நடுவில் இருக்கும் உகரம்தான் பிள்ளையார் சுழி என்று சொல்கிறவர்கள் உண்டு. யானைத் தலையும் வளைந்த துதிக்கையும் ஓம் என்ற எழுத்தின் வடிவம் என்றும் சொல்வார்கள். உப்பூர் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுக் காரியம் தொடங்கும் வழக்கம் இந்தக் கடற்கரையில் இருக்கிறது. ராமரே சேதுவுக்குப் போகும் வழியில் அங்கே வணங்கிப் போனார் என்று தலபுராணம் சொல்லும். வாயால் தொடங்கும்போது ஓம், கையால் எழுதித் தொடங்கும்போது சுழி.

தமிழ்ல ஓம் ஒரே எழுத்தா டைப் பண்ண முடியுமா? புதுப் படகுல எழுதணும், மாதிரி வேணும்.

முடியும். ௐ என்று தனிக் குறியீடு யூனிகோடில் 2008-இல் சேர்க்கப்பட்டது, எண் U+0BD0. போன் கீபோர்டில் தேடிக் கிடைக்காவிட்டால் இங்கிருந்து காப்பி செய்துகொள்ளுங்கள். சில பழைய போன்களில் கட்டம் கட்டமாகத் தெரியும், அது எழுத்துரு இல்லாததால்.

படகில் எந்த இடம் என்று சாஸ்திரத்தில் தேட வேண்டாம், வழக்கம்தான். பாம்பனிலும் மண்டபத்திலும் அணியத்தின் இரு பக்கமும் ஓமோ, வேலோ, சிலுவையோ, 786-ஓ வரைவதைப் பார்க்கலாம். பெயின்டரிடம் கொடுக்கும்போது தனி எழுத்து ௐ வேண்டுமா, ஓ-வும் ம்-மும் சேர்ந்த "ஓம்" வேண்டுமா என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னால் அவர் பழக்கத்தில் நாகரி ஓம் போட்டுவிடுவார்.